ஒரு டன் கரும்பு, கிலோ வெல்லம்: அடக்க விலை எவ்வளவு?

கேள்வி: 2 ஏக்கர் கரும்பு வெட்டுக்கு வந்துவிட்டது. சர்க்கரை ஆலைக்கு அனுப்பாமல், பக்கத்துக் கொட்டகையில் கூலிக்கு ஆட்டி வெல்லம் காய்ச்சலாமா என்று யோசிக்கிறேன். டன்னுக்கு 100 கிலோ வரும் என்கிறார் கொட்டகைக்காரர். ஆட்டுக்கூலி, எரிபொருள், ஆள் கூலி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு என்ன அடக்கம் ஆகும்?

பதில்: முதலில் கரும்புக்கு ஒரு விலை வையுங்கள். சொந்தக் கரும்புதானே என்று பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அப்படிப் பார்த்தால் வெல்லம் எப்போதும் லாபமாகத்தான் தெரியும். 2025-26 பருவத்துக்கு, சர்க்கரைக் கட்டுமானம் 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும் ஆலைகளில் மத்திய அரசின் நியாயமான ஆதாய விலை டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. இது ஆலை வாசலில் இறக்கிய கரும்புக்கு. வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் கொட்டகைக்குக் கொண்டுபோனாலும் உண்டு என்பதால், கொட்டகையில் இறக்கிய கரும்புக்கும் 3,290 என்றே வைத்துக்கொள்வோம்.

இனி வரும் செலவுகள் உதாரணத்துக்கு. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுக்கொள்ளுங்கள். டன்னுக்கு ஆட்டுக்கூலியும் கொட்டகை வாடகையும் 350, காய்ச்சி அச்சில் ஊற்றும் வரை ஆள் கூலி 700, சக்கை காயவைக்கவும் அடுப்புக்கும் 100, சுண்ணாம்பும் எண்ணெயும் 60, சாக்கும் சந்தைக்கு வண்டியும் 100. கரும்போடு சேர்த்து மொத்தம் 4,600 ரூபாய். 100 கிலோ வந்தால் கிலோ அடக்கம் 46 ரூபாய்.

இந்தச் செலவு ஏறக்குறைய எல்லாமே கரும்பின் டன்னுக்கோ கொப்பரைக்கோ கொடுப்பது. வெல்லம் குறைந்தாலும் இவை குறையாது. அதே 4,600 ரூபாய்க்கு 90 கிலோதான் கிடைத்தால் அடக்கம் 51 ரூபாயைத் தாண்டிவிடும். ஆட்டுக்கூலியில் 50 ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதால் கிலோவுக்கு 50 காசு மிச்சம். சாறு குறைந்தால் போவது 5 ரூபாய். அதனால் நீங்கள் கவனமாக நிற்க வேண்டிய இடம் உருளைக்குப் பக்கத்தில்தான்.

நல்ல விசை ஆட்டும் இயந்திரம் 100 கிலோ கரும்பில் 60 கிலோ சாறு எடுக்கும். ஒரு டன்னுக்கு 600 கிலோ சாறு. அதில் கரைந்திருக்கும் திடப்பொருள் (பிரிக்ஸ்) 17 என்றால் 102 கிலோ. அழுக்கு எடுப்பதிலும் கொப்பரையில் ஒட்டுவதிலும் கொஞ்சம் போகும், வெல்லத்தில் தங்கும் ஈரம் கொஞ்சம் கூட்டும். ஆக, 100 கிலோ சரியாக வரும். உருளை தேய்ந்தோ இடைவெளி தளர்ந்தோ 54 கிலோதான் எடுத்தால் சாறு 540 கிலோ, வெல்லம் 90 சொச்சம். இதைக் கண்டுபிடிக்கச் சக்கையை எடை போட்டாலே போதும். டன்னுக்கு 400 கிலோவுக்குப் பக்கத்தில் நின்றால் சரி. 460 வந்தால் உங்கள் சாறு சக்கையோடு போகிறது. தராசு இல்லையென்றால், விழுந்த சக்கையில் ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பாருங்கள். கை நனைந்து சொட்டினால் உருளையை இறுக்கச் சொல்லுங்கள்.

சாறு தங்கிய சக்கை சீக்கிரம் காயாது, அதனால் எரிபொருளும் சேர்ந்தே இடிக்கும். 600 கிலோ சாற்றில் ஏறத்தாழ 500 கிலோ தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். சாதாரண ஒற்றைக் கொப்பரை அடுப்பில் கிலோ வெல்லத்துக்கு 2 முதல் 2.5 கிலோ வரை காய்ந்த சக்கை பிடிக்கும். டன் கரும்பின் சக்கை காய்ந்தால் மிஞ்சுவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. நல்ல வெயிலில் சமாளிக்கலாம். மழை பிடித்துவிட்டால் விறகு வாங்க வேண்டும். டன்னுக்கு 300 ரூபாய் விறகு என்றால் அடக்கம் 46 என்பது 49 ஆகும்.

அப்புறம், பிரிக்ஸ் மானியை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெட்டி இரண்டு மூன்று நாள் கிடந்த கரும்பில் தண்ணீர் வற்றுவதால் பிரிக்ஸ் கூடவே காட்டும். ஆனால் உள்ளே சர்க்கரை உடைந்து குளுக்கோசாக மாறியிருக்கும். வெல்லம் கட்டியாகாமல் பிசுபிசுக்கும், அடிமாட்டு விலைக்குத்தான் போகும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆட்டுங்கள். முதிராத நுனிக் கணுக்களைக் கழித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன் ஒரு டன் மட்டும் வெட்டி, எடை போட்டு ஆட்டி, இறங்கிய வெல்லத்தையும் ஆறிய பிறகு எடை போடுங்கள். சித்தோடு பக்கம் 30 கிலோ சிப்பக் கணக்கில் விலை சொல்வார்கள் என்பதால் அடக்கத்தையும் சிப்பத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: 46 ரூபாய் என்றால் சிப்பம் 1,380. கமிஷன் போக உங்கள் கைக்கு வரும் விலையால் மொத்தச் செலவை வகுத்தால், குறைந்தது எத்தனை கிலோ வர வேண்டும் என்பது தெரிந்துவிடும். கைக்கு 48 ரூபாய் வந்தால் 96 கிலோ. உங்கள் சோதனை டன் அதற்குக் கீழே நின்றால் சர்க்கரை ஆலைக்கே அனுப்புங்கள்.