எறும்பு ஒன்றை மிதித்தால் யாருக்கு என்ன குற்றம்?

“பௌத்தத்தின் முதல் சீலமும் சமண அகிம்சையும் ஒன்றுதானே என்று என் காணொளிகளின் கீழே கேட்கிறார்கள். ஒரு நிமிடத்தில் வேறுபாட்டை எப்படிக் காட்டுவது?”

வரைவிலக்கணங்களை விட்டு, படிக்கட்டில் இறங்குபவர் அறியாமல் ஓர் எறும்பை மிதிக்கும் காட்சியை மட்டும் எடுங்கள்.

போயா தினங்களில் கொழும்பு விகாரைகளின் ஒலிபெருக்கியில் நாம் கேட்கும் “பாணாதிபாதா வேரமணி” என்பது, உயிரைக் கொல்வதிலிருந்து விலகும் பயிற்சியை ஏற்கிறேன் என்ற உறுதிமொழி; இதுவே முதல் சீலம். தேரவாத உரைகளின்படி, உயிர் இருத்தல், அது உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, இறப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் அது முறியும். இங்கே எண்ணம் இல்லாததால் சீலம் முறியவில்லை.

சமணம் அதே காட்சியில் வேறு கேள்வியைக் கேட்கிறது: அவர் கவனமாக நடந்தாரா? அங்கே இம்சை என்பது ‘பிரமாதத்தால்’, அதாவது கவனமின்மையால், உயிருக்கு ஊறு செய்வது. ஆகவே கைபேசியைப் பார்த்தபடி இறங்கியவர் குற்றமற்றவர் அல்லர். துறவிகள் முன்னுள்ள நிலத்தைப் பார்த்து நடக்கும் ‘ஈர்யா சமிதி’ இதிலிருந்தே விளங்கும்.

பலர் தவறுவது இங்கேதான்: சமணம் எண்ணத்தைப் பொருட்படுத்தாது என்று சொல்லிவிடாதீர்கள். முழுக் கவனத்துடன் நடந்தும் எறும்பு இறந்தால், அதைக் கவனமின்மையின் கொலையாக அது எண்ணுவதில்லை. இல்லறத்தாருக்குத் துறவியின் முழுமையான நோன்பாகிய மகாவிரதம் அன்றி, அதன் எளிய வடிவமான அணுவிரதமே உரியது என்பதை அடுத்த காணொளிக்கு வையுங்கள்.