கடனுக்கு வாங்கிய அரிசியை ஏன் இரண்டு இடத்தில் எழுத வேண்டும்?

"வண்ணாரப்பேட்டையில் புதிதாக மளிகைக் கடை போட்டிருக்கிறேன். கடனுக்கு அரிசி வாங்கினால் கையில் இருந்து காசே போகவில்லை. அதை ஏன் இரண்டு இடத்தில் எழுதச் சொல்கிறார்கள்?"

காசு போகவில்லை, ஆனால் இரண்டு விஷயம் மாறிவிட்டது. கடையில் சரக்கு ஏறியது, மண்டிக்காரருக்குத் தர வேண்டியதும் ஏறியது.

கடையில் இருப்பதெல்லாம் சொத்து. அது ஒன்று கடன் கொடுத்தவருடையது, இல்லை உங்களுடையது. உங்களுடைய பங்குதான் முதல். அதனால்தான் சொத்து = கடன் + முதல்.

நீங்கள் முதலாகப் போட்டது ரூ.50,000, அது அப்படியே ரொக்கமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரூ.20,000-க்குக் கடனில் அரிசி வாங்கினால் சொத்து 70,000, கடன் 20,000, முதல் 50,000. பதிவில், சரக்கு ஏறியதைச் சரக்குக் கணக்கில் பற்று என்றும், கடன் ஏறியதை மண்டிக்காரர் கணக்கில் வரவு என்றும் எழுத வேண்டும்.

விற்பனையில்தான் பலர் குழம்புவார்கள். ரூ.6,000 அடக்கமான அரிசியை ரூ.7,500-க்கு ரொக்கத்துக்கு விற்கிறீர்கள். ரொக்கம் 57,500 ஆகிறது, சரக்கு 14,000 ஆகக் குறைகிறது. மொத்தச் சொத்து 71,500. கூடுதலாக வந்த 1,500 லாபம். அது உங்களுடையது என்பதால் முதலோடு சேர்ந்து, முதல் 51,500 ஆகிறது. கடன் 20,000-ஐக் கூட்டுங்கள், 71,500 வரும்.

அப்புறம் மண்டிக்காரருக்கு 10,000 கட்டினால் ரொக்கமும் கடனும் சேர்ந்து குறையும். லாபத்தை அது தொடாது.

ஒரு எச்சரிக்கை. கரண்ட் பில் கட்டியதைத் தவறிப்போய்ச் சரக்குக் கணக்கில் எழுதினாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வரும். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மாதக் கடைசியில் மூட்டைகளை எண்ணி, ஏட்டில் உள்ள சரக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.