கூட வேலை செய்யும் அக்காவுக்கு என்ன எழுத?

"குன்னூர் டீ ஃபேக்டரில கூட இருக்கற அக்கா உதவி மேனேஜர் ஆயிட்டாங்க. லிங்க்ட்இன்ல என்ன எழுதினாலும் மத்தவங்க எழுதினது மாதிரியே வருது."

இப்படிப் போடுங்க:

"அக்கா, அந்த மழை வாரத்துல லாரி லாரியா ஈர இலை வந்து குவிஞ்சப்போ, வாட்டம் போதலைன்னு ரோலர்ல ஏத்த விடாம நின்னீங்களே, அன்னைக்கே எங்களுக்கு நீங்கதான் மேனேஜர். ரொம்ப சந்தோஷம்!"

இது நடக்கலைன்னா நடந்த வேற ஒண்ணை எழுதுங்க, கற்பனை வேண்டாம்.

நீங்க பதவியிலிருந்து ஆரம்பிக்கறீங்கன்னு தோணுது. அதான் "கடின உழைப்பு", "மேலும் வளர"ன்னு போய் முட்டுது. அவங்க செஞ்ச ஒரு காரியத்துல ஆரம்பிங்க. பதவி தானா வந்து சேரும்.

எழுதினதும் அதை இன்னொருத்தர் பதிவுக்குக் கீழ வெச்சுப் பாருங்க. அங்கயும் பொருந்துச்சுன்னா அழிச்சிடுங்க. தளமே நீட்டற ரெடிமேட் வரியைத் தொடவே வேண்டாம், அதே வரி கீழ வரிசையா நிக்கும்.

"ஒருவழியா கிடைச்சுதே"ன்னு மட்டும் எழுதாதீங்க. பாசமாத்தான் சொல்வீங்க, ஆனா தாமதத்தைக் குத்திக் காட்டற மாதிரி படும். நம்ம டீத்தூளை வாங்கறவங்களும் படிக்கற இடம் லிங்க்ட்இன்; கெட்டுப்போன சரக்கு, ஏல விலை எதுவும் அதுல வரக்கூடாது.