பித்தளைப் பக்கம் வந்த துளைகள்: மறுபூச்சு தீர்வல்ல

கேள்வி: பித்தளைத் துண்டின் மேல் தாமிரம் பூசி, 780 டிகிரி செல்சியஸ் உலையில் சில நாட்கள் வைத்தோம். வெட்டிப் பார்த்தால் பித்தளைப் பக்கம் பொடிப்பொடியாகத் துளைகள். பூச்சு சரியில்லை, கழற்றிவிட்டு மறுபடி பூச வேண்டும் என்கிறார் சோதனை அறிக்கை வாங்கிக் கொடுத்த முகவர். பூசட்டுமா?

பூச வேண்டாம். துளைகள் பித்தளைக்குள்ளே இருக்கின்றன என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பூச்சு கெட்டிருந்தால் இரண்டும் சேரும் கோட்டிலேயே விரிசலோ பிரிவோ தெரியும். உங்கள் துண்டில் துத்தநாகம் பித்தளையிலிருந்து தாமிரத்துக்குள் போயிருக்கிறது. எதிர்த்திசையில் தாமிரமும் வந்திருக்கிறது, ஆனால் அவ்வளவு வேகமாக இல்லை. போனது அதிகம், வந்தது குறைவு. அந்தக் குறை பித்தளைக்குள் அணு இல்லாத காலியிடங்களாகச் சேர்கிறது. அவை ஒன்றுகூடினால் துளை. மறுபடி பூசி மறுபடி சூடாக்கினால் மறுபடி துளைதான் வரும், பணம் முகவருக்கு.

இதை 1947-இல் உலோகவியல் ஆய்வாளர்கள் ஸ்மிகல்ஸ்காஸும் கிர்கெண்டாலும் காட்டிவிட்டார்கள். பித்தளைக் கட்டியின் இரு பக்கமும் மெல்லிய மாலிப்டினம் கம்பிகளை வைத்து, அதன்மேல் தாமிரம் பூசி, 785 டிகிரியில் வைத்தார்கள். மாலிப்டினம் இந்த உலோகங்களில் கரையாது. அதனால் கம்பி வெறும் அடையாளம். இரண்டு உலோகமும் சம வேகத்தில் இடம் மாறியிருந்தால் கம்பிகள் வைத்த இடத்திலேயே இருந்திருக்கும். இருக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்துக் கம்பியும் பித்தளையை நோக்கி முதல் நாளில் ஏறக்குறைய 15 மைக்ரான், 6 நாளில் 36 மைக்ரான், 56 நாளில் 124 மைக்ரான் உள்ளே வந்தது. நாள் 6 மடங்கானால் நகர்வு 2.4 மடங்கு. நேரத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. அணுக்கள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று பரவும் விரவலின் கையெழுத்தே அதுதான்.

உங்கள் துண்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். இரு பக்கமும் கம்பி வைத்துப் பூசுங்கள். ஒரு துண்டை 1 நாள், இன்னொன்றை 4 நாள் வையுங்கள். கம்பிகளுக்கு இடையேயான தூரம் முதலாவதில் குறைந்த அளவைப் போல இரண்டாவதில் இரு மடங்கு குறைந்திருந்தால் காரணம் பூச்சு அல்ல. தூரம் சற்றுக் குறைவாகவே சுருங்கினாலும் பதற வேண்டாம். படிகத்துக்குள் உறிஞ்சப்பட்ட காலியிடம்தான் கம்பியை நகர்த்தும். துளையாக நின்றுவிட்ட காலியிடம் நகர்த்தாது.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். வெட்டிய முனையில் தாமிரம் இல்லாமல் பித்தளை திறந்திருந்தால், அந்தச் சூட்டில் துத்தநாகம் ஆவியாகவே வெளியேறும். அங்கேயும் துளை வரும், அதற்கும் தாமிரப் பூச்சுக்கும் சம்பந்தமில்லை. உலைச் சுவரில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். முனைகளையும் மூடி இன்னொரு துண்டு வையுங்கள். முனையருகே துளை மறைந்து, தாமிரத்தை ஒட்டிய பித்தளையில் மட்டும் துளைகள் நின்றால் விஷயம் தெளிவு. முனையிலிருந்து சற்று உள்ளே வெட்டிய முகத்தைத்தான் பாருங்கள், முனையை அல்ல.

அறிக்கையைப் பற்றியும் சொல்கிறேன். “துளைகள் உள்ளன, பூச்சுக் குறை” என்று ஒரே வரி. துளை எந்தப் பக்கம், இணைப்புக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. எத்தனை வருடமாக இதே படிவம்! நானும் இப்படி ஒரு அறிக்கையை நம்பி நல்ல துண்டுகளை ஒதுக்கியிருக்கிறேன். மெருகேற்றும்போது மென்மையான உலோகம் இழுபட்டுத் துளைகளை மூடிவிடும். அமிலத்தில் அதிக நேரம் வைத்தால் சின்னத் துளை பெரிதாகும். அதனால் அமிலத்தில் இடும் முன்பும் பின்பும் எடுத்த படங்கள், அளவுகோலோடு, கேட்டு வாங்குங்கள். தராதவரிடம் சோதனைக்குக் கொடுக்காதீர்கள்.

துளையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் சூட்டையும் நேரத்தையும் குறையுங்கள். உயர் வாயு அழுத்தத்தில் சூடாக்கினால் துளைகள் பெரும்பாலும் வராது. ஆனால் அப்போதும் கம்பி நகரும், துத்தநாகம் போய்க்கொண்டேதான் இருக்கும். “அழுத்தத்தில் வைத்தோம், விரவலை நிறுத்திவிட்டோம்” என்று யாராவது சான்றிதழ் நீட்டினால், கம்பி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.