அந்தத் தம்பிக்கு யார் சொல்வது?

கேள்வி: நான் மதுரைப் பெண். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறோம். கணவர் இந்த ஊர்க்காரர், 44 வயது, 78 கிலோ. சிகரெட்டைத் தொட்டதே இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனதற்கு ஆஸ்துமா என்று நான்கு வருடம் ஸ்பிரே கொடுத்தார்கள். இப்போது சி.டி. ஸ்கேனில் நுரையீரல் அரித்துப்போகும் எம்ஃபிஸீமா. ரத்தத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 24 மில்லிகிராம்தான், ஜீன் 'இஸட் இஸட்' என்கிறார்கள். ஊதும் பரிசோதனையில் இயல்பான அளவில் 48 சதவீதம்தான். வாராவாரம் மருந்து ஏற்றினால் குணமாகுமா? எங்கள் 9 வயது மகளுக்கும் வருமா? கொழுந்தனார் ஒருவர் இருக்கிறார். வீட்டுச் சொத்துத் தகராறில் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை, அதனால் அவரிடம் சொல்லவில்லை. அவர் சிகரெட் பிடிப்பவர் வேறு, அவர் பாடு அவருக்கு. மாமியாரும் வேண்டாம் என்கிறார்.

பதில்: மருந்தையும் மகளையும் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவற்றுக்கு அவசரம் இல்லை. அவசரமானதை நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, "சிகரெட் பிடிப்பவர் வேறு" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

ஆன்டிட்ரிப்சினை உருவாக்கும் இந்த ஜீன் எல்லோருக்கும் இரண்டு பிரதி உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. நல்லதை எம் என்பார்கள், மோசமானதை இஸட் என்பார்கள். உங்கள் கணவருக்கு இரண்டுமே இஸட். அப்படியானால் ஒன்று உங்கள் மாமியாரிடமிருந்தும் ஒன்று மாமனாரிடமிருந்தும் வந்தது. இருவரும் ஆளுக்கொரு எம், ஒரு இஸட் வைத்திருந்தவர்கள் என்றால், அதே வயிற்றில் பிறந்த தம்பிக்கும் இரண்டு இஸட் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அந்த நான்கில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் புகைத்துக்கொண்டிருக்கலாம். "அவர் பாடு" என்று இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

புகை இங்கே என்ன செய்கிறது என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டீர்கள். நுரையீரலுக்குள் கிருமியைத் தேடி வரும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கக்கும். அது நுரையீரலின் மெல்லிய இழைகளையும் அரித்துவிடும். அதை அடக்கத்தான் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். சிகரெட் புகை அந்த வெள்ளணுக்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைக்கிறது, மிச்சமிருக்கும் கொஞ்ச ஆன்டிட்ரிப்சினையும் வேதிமாற்றத்தால் செயலிழக்க வைக்கிறது. திருடனையும் கூப்பிட்டு, காவல்காரனின் கையையும் கட்டுகிற கதை.

சுவீடனில் இரண்டு இஸட் உள்ளவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1999-இல் வெளியிட்ட கணக்கு இது: புகைப்பவர்களுக்கு முதல் விநாடியில் ஊதும் காற்று வருடத்துக்கு 70 மில்லிலிட்டர் குறைந்தது. புகைக்காதவர்களுக்கு 47. விட்டவர்களுக்கு 41, அதாவது புகைக்காதவர்களுக்கு நிகர். எந்த மருந்தும் தராத லாபத்தை சிகரெட்டை விடுவது தருகிறது. உங்கள் கணவருக்கு அந்த வாய்ப்பே இல்லை, விடுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. தம்பிக்கு இருக்கிறது.

டாக்டரே சொல்லிவிடுவார் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஜெர்மனியின் மரபணுப் பரிசோதனைச் சட்டப்படி டாக்டர் உங்கள் கணவரிடம் "உறவினர்களிடம் சொல்லுங்கள்" என்று ஆலோசனை சொல்லலாம். அவர் அனுமதி இல்லாமல் தம்பியைத் தாமாகக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. ஆக அந்த வீட்டுக்குச் செய்தி போக வேண்டுமென்றால் உங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

மாமியார் ஏன் தடுக்கிறார் என்று யோசித்தீர்களா? "என்னால்தான் பிள்ளைக்கு இப்படி" என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். வந்தது இருவரிடமிருந்தும் என்பதை நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள்.

இனி மருந்து. நன்கொடையாளர் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஆன்டிட்ரிப்சின் அது. கிலோவுக்கு 60 மில்லிகிராம் வீதம் 78 கிலோவுக்கு 4,680 மில்லிகிராம், ஏறக்குறைய ஒரு கிராம் குப்பி ஐந்து. நரம்பு வழியாக ஏற்ற அரை மணி நேரம் ஆகும். உடலில் அது பாதியாகக் குறைய ஐந்து நாள் போலத்தான் ஆகும் என்பதால் வாரம் தவறக்கூடாது. அடுத்த ஊசிக்கு முன் ரத்தத்தில் பார்க்கும் அளவு டெசிலிட்டருக்கு 57 மில்லிகிராமுக்குக் கீழே போகாமலிருப்பதே நோக்கம். குப்பியில் நீரைச் சேர்த்த பிறகு மெதுவாகச் சுழற்றச் சொல்லுங்கள், குலுக்கினால் நுரை கட்டும். தொடங்கும் முன்பு ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அது அடியோடு இல்லாமல், அதற்கு எதிரான ஆன்டிபாடியும் இருப்பவர்களுக்கு இந்த மருந்தில் கடுமையான ஒவ்வாமை வரலாம்.

குணமாகாது. கரைந்த நுரையீரல் திரும்பி வளராது. 180 பேரை இரண்டு வருடம் பார்த்து 2015-இல் வந்த ஆய்வில், சி.டி.யில் தெரியும் நுரையீரல் இழப்பு மருந்து ஏற்றியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு மெதுவாக நடந்தது. ஊதும் பரிசோதனையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே ஆறு மாதத்தில் மாடி சுலபமாக ஏறவில்லை என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது செய்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது. 48 சதவீதத்தில் இருப்பவருக்கு ஏற்றலாம் என்பதே என் கருத்து. ஒன்று மட்டும் இந்த மருந்தின் கைக்கு எட்டாது: கல்லீரல். ஆன்டிட்ரிப்சின் உருவாவது அங்கேதான், கோணலாக மடிந்த இஸட் புரதம் வெளியேற முடியாமல் அங்கேயே தேங்குகிறது. அதற்குத் தனியாக ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் வேண்டும். ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசி போடாமலிருந்தால் போட்டுவிடுங்கள், மதுவையும் குறைக்கட்டும்.

மகள் விஷயம் சின்னது. தகப்பனிடமிருந்து ஒரு இஸட் அவளுக்குக் கட்டாயம் வந்திருக்கிறது. இன்னொன்று உங்களிடமிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி. அவளைக் குத்த வேண்டாம், உங்களைப் பாருங்கள். நம் பக்கத்து மக்களிடம் இஸட் மிக அரிது. அளவு மட்டும் பார்த்தால் ஏமாறலாம்: காய்ச்சல், கர்ப்பம், கருத்தடை மாத்திரை எல்லாம் அதை ஏற்றிக் காட்டும். ஜீனையும் சேர்த்துக் கேளுங்கள். உங்களுக்கு இரண்டும் எம் என்றால் மகளுக்கு ஒரு எம், ஒரு இஸட். அவள் சிகரெட் பக்கம் போகாதவரை பெரும்பாலும் எதுவும் ஆகாது.

கொழுந்தனாருக்கான கடிதம் உங்கள் கணவர் கையெழுத்தில் போகட்டும். சொத்துப் பேச்சு ஒரு வரிகூட வேண்டாம், சமாதானமும் கேட்க வேண்டாம். இவ்வளவு போதும்:

"எனக்குப் பரம்பரையாக வந்த ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு, நுரையீரல் பாதித்திருக்கிறது. உனக்கும் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. உன் குடும்ப டாக்டரிடம் இந்த அறிக்கையைக் காட்டி, ரத்தத்தில் அளவும் ஜீனும் பார். பார்ப்பதும் விடுவதும் உன் முடிவு. பரிசோதனை முடிவு தெரியும்வரை சிகரெட் வேண்டாம்."

கூடவே கணவரின் ஜீன் அறிக்கை நகல் ஒன்று. கணவரே முறைப்பாக இருந்தால் முகவரியை மாமியாரிடம் வாங்கி, கவரில் நீங்கள் எழுதுங்கள். இந்த வாரமே தபாலில் சேருங்கள்.