2000 மடங்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா?

கேள்வி: ஒரு எஃகுப் பட்டையில் 350 ஓம் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, மூன்று 350 ஓம் ரெசிஸ்டர்களோடு பிரிட்ஜ் கட்டி 5 வோல்ட் கொடுத்திருக்கிறேன். முழுச் சுமைக்குக் கேஜில் 0.35 ஓம்தான் மாறுகிறது. சுமை இல்லாதபோதே மீட்டர் 3.7 மில்லிவோல்ட் காட்டுகிறது. 0–5 வோல்ட், 10 பிட் மைக்ரோகண்ட்ரோலரில் படிக்க வேண்டும். 100 மடங்கு மாட்யூல், 2000 மடங்கு மாட்யூல், இரண்டில் எதை வாங்குவது?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். மாட்யூல் வாங்குவதற்கு முன்பே அந்த 3.7 மில்லிவோல்ட்டை அளந்தீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

முதலில் சிக்னல் எவ்வளவு என்று பார்ப்போம். நான்கில் ஒரு கை மட்டும் மாறும் பிரிட்ஜுக்குக் கணக்கு இது:

```
Vout ≈ V × ΔR / (4 × R)
     = 5 × 0.35 / (4 × 350) = 1.25 mV
```

1.25 மில்லிவோல்ட்டை 2.5 வோல்ட் ஆக்க 2000 மடங்கு வேண்டும். 2000 மடங்கு மாட்யூல் உங்கள் கண்ணில் பட்டதும் இதனால்தான். ஆனால் ஆம்ப்ளிஃபயர் சிக்னலை மட்டும் பிரித்தெடுத்துப் பெருக்காது. வெறுமனே நிற்கும்போது உள்ள 3.7-ஐயும் சேர்த்துப் பெருக்கும். சுமை அதே திசையில் கூட்டினால் மொத்தம் 4.95 மில்லிவோல்ட். அதை 2000-ஆல் பெருக்கினால் 9.9 வோல்ட். 5 வோல்ட் சப்ளையில் அவுட்புட் உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும். சுமையை ஏற்றினாலும் இறக்கினாலும் எண் அசையாது. மாட்யூல் கெட்டுவிட்டது என்று பலர் திருப்பிக் கொடுப்பது இந்த இடத்தில்தான்.

உங்கள் கேஜில் பழுது எதுவும் இல்லை. கேஜின் 350 ஓமிலேயே ±0.3 சதவீத வித்தியாசம் இருப்பது சகஜம். அது ஏறக்குறைய 1 ஓம், அதாவது உங்கள் முழுச் சுமை தரும் மாற்றத்தைப் போல மூன்று மடங்கு. பிரிட்ஜ் ரெசிஸ்டர்களில் ஒன்று 0.1 சதவீதம் பிசகினாலே இன்னொரு 1.25 மில்லிவோல்ட் வந்துவிடும். அவற்றை 0.1 சதவீதத்துக்கு மேல் பிசகாதவையாக, சூட்டில் மதிப்பு நகராதவையாகப் பார்த்து வாங்குங்கள்.

100 மடங்கில் வேறு சிக்கல். முழுச் சுமைக்கு 0.125 வோல்ட்தான் கிடைக்கும். 10 பிட்டில் ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட் என்பதால், மொத்தச் சுமையும் 25 படிக்குள் அடங்கிவிடும்.

நான் சொல்வது 400 மடங்கு. ரெஃபரன்ஸ் பின்னுக்கு 2.5 வோல்ட் கொடுத்து அவுட்புட்டை நடுவில் நிறுத்தினால், 4.95 மில்லிவோல்ட் 1.98 வோல்ட் ஆகி, உச்சம் 4.48-இல் நிற்கும். சுமைக்கு மட்டும் 0.5 வோல்ட், சுமார் 100 படிகள். ஒரே ரெசிஸ்டரால் கெயின் மாற்றக்கூடிய INA826 போன்ற இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர் உள்ள மாட்யூல் இதற்குப் பொருந்தும். அதில் கெயின் `1 + 49.4k/RG`. 124 ஓம் போட்டால் 399 வரும். AD620-க்கும் இதே சூத்திரம்தான், ஆனால் அதன் அவுட்புட் சப்ளையின் இரு முனைகளிலும் ஒரு வோல்ட்டுக்கு மேல் விட்டுவிடும். ஒற்றை 5 வோல்ட்டில் 4.48 வரை அது ஏறாது.

சுமை மெதுவாக மாறுவதானால் எனக்குப் பிடித்தது HX711. கெயின் 128 என்றாலும் அதற்குள்ளேயே 24 பிட் ஏடிசி இருக்கிறது. 5 வோல்ட் சப்ளையில் ±20 மில்லிவோல்ட் வரை தாங்கும், ஆகவே உங்கள் 3.7 அதற்கு ஒரு பொருட்டே அல்ல, மென்பொருளில் கழித்துவிடலாம். நொடிக்கு 10 அல்லது 80 அளவீடுகள்தான் தரும் என்பதால் அதிர்வை அளக்க மட்டும் உதவாது.

வயரையும் கவனியுங்கள். 24 கேஜ் செம்பு வயர் 2 மீட்டர் நீளம் போய்த் திரும்பினால் சுமார் 0.34 ஓம், கிட்டத்தட்ட உங்கள் முழுச் சுமை அளவு. வயர் 10 டிகிரி சூடானால் அளவு 4 சதவீதம் நகரும். கேஜுக்கு மூன்றாவது வயர் ஒன்று இழுத்தால் அடுத்தடுத்த கைகளில் இந்த மாற்றம் ஈடாகிவிடும்.

மாட்யூல் கைக்கு வந்ததும் கேஜுக்கு இணையாக 330 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பாருங்கள். பிரிட்ஜில் 1.32 மில்லிவோல்ட் மாற வேண்டும், 400 மடங்கில் அவுட்புட் 0.53 வோல்ட் நகர வேண்டும். நகராமல் உச்சியிலோ அடியிலோ நின்றால், முதலில் கெயினைக் குறைத்துப் பாருங்கள். நகர்ந்தும் அளவு பொருந்தாவிட்டால் RG-யைச் சரிபாருங்கள்.