செக் திரும்பி வந்தால் கணக்கில் எப்படி எழுதுவது?

கேள்வி: ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். ஒரு கான்ட்ராக்டர் எங்கள் 118, 124 ஆம் எண் பில்கள் இரண்டுக்கும் சேர்த்து 47,200 ரூபாய்க்குச் செக் கொடுத்தார். ஜூலை 8-ல் போட்டோம், ஜூலை 10-ல் திரும்பிவிட்டது. ரிட்டர்ன் மெமோவில் ‘01 ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்’ என்று இருக்கிறது. எங்கள் கணக்கிலிருந்து 177 ரூபாயையும் பேங்க் பிடித்துக்கொண்டது. கணக்கு எழுதும் பையன், “அந்த ரசீது என்ட்ரியையே டெலிட் பண்ணிடலாம் அண்ணா, 177 ரூபாயை அவர் கணக்கில் ஏத்திடலாம்” என்கிறான். செய்யலாமா? பில்லின் கீழே ‘செக் திரும்பினால் ரூ.500’ என்று அச்சடித்திருக்கிறோம், அதை எப்படிப் போடுவது? அதற்கு ஜிஎஸ்டி உண்டா?

பதில்: டெலிட் மட்டும் வேண்டவே வேண்டாம். ஜூலை 8-ல் செக் வந்தது, பேங்கில் போட்டீர்கள், ஜூலை 10-ல் திரும்பியது, இந்த இரண்டுமே நடந்தவை. உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டில் பெரும்பாலும் 47,200 ஒரு வரியில் வரவாகவும் இன்னொரு வரியில் பற்றாகவும் நிற்கும். ரசீதை அழித்துவிட்டால் அந்த இரண்டு வரிக்கும் உங்கள் புத்தகத்தில் ஜோடி இருக்காது, மாதக் கடைசியில் பேங்க் ரீகன்சிலியேஷன் செய்யும்போது பையனே தலையைச் சொறிவான். சில பேங்குகளில் பணம் ஏறாமலே செக் திரும்பிவிடும், ஸ்டேட்மென்டில் கட்டணம் பிடித்த வரி மட்டும்தான் தெரியும். அப்படி இருந்தாலும் ரசீதும் வேண்டும், திரும்பியதும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பேங்க் தேதியைக் கொடுத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அதைவிட முக்கியம், நாளைக்கு இந்த விஷயம் கோர்ட் வரைக்கும் போனால் செக்கை வாங்கியதற்கும் போட்டதற்கும் உங்கள் புத்தகத்தில் தடயமே இல்லை என்று ஆகக்கூடாது.

ஆகவே ரசீது அப்படியே இருக்கட்டும். ஜூலை 10 தேதியிட்டு ஒரு பேமென்ட் வவுச்சர் போடுங்கள் (டேலி என்றால் F5):

கான்ட்ராக்டர் கணக்கு — பற்று 47,200
பேங்க் கணக்கு — வரவு 47,200

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் பில் எண். ரசீது போடும்போது 118-க்கு 29,500, 124-க்கு 17,700 என்று அடைத்திருப்பீர்கள். திருப்பி எழுதும்போதும் அதே இரண்டு எண்களுக்கு அதே தொகைகளைப் பிரித்துப் போட வேண்டும். சோம்பல்பட்டு பில் எண் குறிக்காமல் On Account என்று விட்டுவிட்டால் மொத்த பாக்கி சரியாகத்தான் காட்டும், ஆனால் எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்ற கணக்கு கெட்டுப்போகும். ஏப்ரல் மாத பில் ஜூலை மாதக் கடன் மாதிரி தெரியும், அல்லது 118 அடைந்துவிட்டது என்றே காட்டிக்கொண்டிருக்கும். அவருக்கு மறுபடி கடனுக்குச் சரக்கு கொடுப்பதா வேண்டாமா என்று அந்த லிஸ்டைப் பார்த்துத்தானே முடிவு செய்வீர்கள்?

இன்னொன்று. செக் திரும்பியதும் “பணமே வரலையே, எதுக்கு டாக்ஸ் கட்டணும்” என்று கிரெடிட் நோட் போட்டு விற்பனையைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். சரக்கு திரும்பி வரவில்லை, விலையும் குறையவில்லை, திரும்பியது செக் மட்டும்தான். அந்த இரண்டு பில்லில் உள்ள 7,200 ரூபாய் ஜிஎஸ்டியை பில் போட்ட மாதத்திலேயே காட்டியாக வேண்டும், பணம் வராததால் அது குறையாது. வயிற்றெரிச்சல்தான், ஆனால் சட்டம் அப்படி.

அடுத்து அந்த 177. இதை 47,200-உடன் சேர்த்து 47,377 என்று ஒரே என்ட்ரியில் அவர் தலையில் ஏற்றாதீர்கள். இதைத் தனி வவுச்சராகப் போடச் சொல்வதற்கு இரண்டு காரணம் உண்டு. முதலில் வரி. 177 என்பது 150 கட்டணமும் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 27 ரூபாயும். 150 உங்கள் பேங்க் சார்ஜஸ் செலவு, 27-ஐ சிஜிஎஸ்டி 13.50, எஸ்ஜிஎஸ்டி 13.50 என்று உள்ளீட்டு வரியில் எழுதலாம். ஆனால் அந்த மாதத்து GSTR-2B-யில் பேங்க் பெயரில் அது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கரன்ட் அக்கவுன்ட் தொடங்கும்போது ஜிஎஸ்டி எண்ணையே பேங்கில் கொடுக்காத கடைக்காரர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு அது வரவே வராது. வரவில்லை என்றால் 177 முழுவதும் செலவு, எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த முறைக்காவது ஆகும்.

இரண்டாவது காரணம் நோட்டீஸ். செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவின் கீழ் நோட்டீஸ் விடும்போது கேட்க வேண்டியது செக்கில் உள்ள தொகை, அதாவது 47,200. கட்டணம், வட்டி எல்லாம் கேட்கக்கூடாது என்றில்லை, ஆனால் செக் தொகை இது, மற்றது இது என்று பிரித்துத் தெரிய வேண்டும். வேறொரு மொத்தத் தொகையைப் போட்டு அனுப்பிய நோட்டீஸ்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே செல்லாமல் போயிருக்கின்றன. வக்கீல் உங்கள் லெட்ஜரைப் பார்த்துத்தான் நோட்டீஸ் எழுதுவார், லெட்ஜரில் 47,377 என்று இருந்தால் நோட்டீஸிலும் அதுதான் ஏறும்.

சரி, மெமோவில் உள்ள காரணத்தை எங்கே எழுதுவது? வவுச்சரின் விவரக் குறிப்பில், அதாவது நரேஷனில். ‘செக் ரிட்டர்ன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல் இப்படி எழுதுங்கள்: செக் எண், செக் தேதி, அவருடைய பேங்க், போட்ட தேதி 8-7, திரும்பிய தேதி 10-7, காரணம் 01 ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட், மெமோ கைக்கு வந்த தேதி. கடைசியாகச் சொன்ன தேதியை யாரும் எழுதுவதில்லை, ஆனால் கெடு அதை ஒட்டித்தான் ஓடுகிறது. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். ஜூலை 10 அன்றே எஸ்எம்எஸ் வந்திருக்கும் என்பதால் அந்த நாளிலிருந்தே எண்ணுங்கள், ஆகஸ்ட் 9 கடைசி. நோட்டீஸ் அவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம், அதற்குள் தரவில்லை என்றால் அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். செக்கையும் மெமோவையும் வவுச்சரோடு பின் அடித்து ஓட்டை போட்டு ஃபைல் பண்ணிவிடாதீர்கள். பேங்கின் முத்திரையோ அடையாளமோ உள்ள அந்தச் சீட்டையே செக் திரும்பியதற்கு முதல்நிலை ஆதாரமாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளும், 146-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஃபைலுக்கு நகல் போதும், ஒரிஜினலை உறையில் போட்டுத் தனியாக வையுங்கள்.

காரணக் குறியீட்டை எழுதச் சொல்வது சடங்குக்காக இல்லை, அடுத்து என்ன செய்வது என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. உங்களுக்கு வந்தது 01, பணம் இல்லை. இதுவே 12 என்று இருந்தால் கையெழுத்து வித்தியாசம், பெரும்பாலும் போன் செய்து வேறு செக் வாங்கிக்கொள்ளும் விஷயம். 20 என்றால் கொடுத்தவரே நிறுத்தச் சொல்லியிருக்கிறார், சரக்கில் ஏதாவது தகராறா என்று முதலில் விசாரிக்க வேண்டும். 31 என்றால் செக் தேதி மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது, பேங்கில் போடாமல் கல்லாப்பெட்டியில் வைத்திருந்த நம்மைத்தான் நொந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் மேல் தவறே இல்லாமல், பேங்குகளுக்குள் நடந்த தொழில்நுட்பக் கோளாறால் திரும்பும் செக்குகளும் உண்டு. அவற்றுக்குக் கட்டணம் பிடிக்கக்கூடாது என்று ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கிறது. பிடித்திருந்தால் குறியீட்டைக் காட்டிக் கேளுங்கள், திரும்பி வரும் தொகையைப் புது வருமானமாக எழுதாமல் அதே பேங்க் சார்ஜஸ் கணக்கில் கழித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் 500 ரூபாய். முதலில் வரியைச் சொல்லிவிடுகிறேன். செக் திரும்பியதற்கு வசூலிக்கும் அபராதம் எந்தச் சேவைக்குமான விலை அல்ல, அதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178 ஆம் எண் சுற்றறிக்கையில் மத்திய மறைமுக வரி வாரியமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் பில்லுக்கான பணம் தாமதமானதற்காக வாங்கும் வட்டி வேறு. அது சரக்கின் மதிப்போடு சேரும், வாங்கும்போது ஜிஎஸ்டி உண்டு. எனவே ‘வட்டி, செக் அபராதம் வகையில் ரூ.1,200’ என்று குழப்பி ஒரே வரியில் எழுதினால் ஜிஎஸ்டி இல்லாத 500-க்கும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். இரண்டுக்கும் தனித்தனி லெட்ஜர் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ட்ரி எளிது, ஜர்னலில் கான்ட்ராக்டர் கணக்கு பற்று 500, செக் ரிட்டர்ன் வசூல் என்ற மறைமுக வருமானக் கணக்கு வரவு 500. பில் எண் கேட்கும் இடத்தில் 118-ஓ 124-ஓ போடாமல் தனியாக ஒரு எண் கொடுங்கள். இதற்கு மேல் 177-ஐயும் தனியாகக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 500 என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள், பேங்க் செலவும் அதற்குள் அடக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் இந்த 500 என்ட்ரியை இன்றைக்கே போடாதீர்கள் என்பேன். பில்லின் கீழே பொடி எழுத்தில் இருப்பதை அவர் ஒத்துக்கொள்வாரா என்று தெரியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் புத்தகத்தில் பாக்கி 47,200, உங்கள் புத்தகத்தில் 47,700. வருடக் கடைசியில் ஆடிட்டர் பாக்கி உறுதிக் கடிதம் வாங்கச் சொல்லும்போது இந்த 500 வந்து குறுக்கே நிற்கும். வாட்ஸ்அப்பிலாவது “சரி, தருகிறேன்” என்று வந்த பிறகு, அல்லது பணமே கைக்கு வந்த பிறகு போடுங்கள். அவர் பாதிப் பணம் கொண்டுவந்தால் முதலில் 118-க்கு, அப்புறம் 124-க்கு, அபராதம் கடைசியில்.

அதே செக்கை மறுபடி போடச் சொல்கிறாரா? செக் தேதியிலிருந்து மூன்று மாதம் வரை போடலாம். பழைய என்ட்ரிகளைத் தொடாமல், இரண்டாம் முறை போடும் தேதியில் புது ரசீது, நரேஷனில் ‘இரண்டாம் முறை’ என்று ஒரு வார்த்தை. அதுவும் திரும்பினால் அதற்கு வேறு மெமோ, வேறு கட்டணம், வேறு வவுச்சர். இரண்டாவது மெமோவை வைத்தும் நோட்டீஸ் விடலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் மறுபடி போட்டுப் பார்ப்பதில் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் 177 உங்கள் கையிலிருந்துதான் போகிறது. அவர் கணக்கில் பணம் வந்துவிட்டதா என்று கேட்காமல் போடாதீர்கள், முடிந்தால் செக்குக்குப் பதிலாக நெஃப்ட் செய்யச் சொல்லுங்கள். பணம் ஏறியதைப் பார்த்த பிறகு மட்டும் செக்கைத் திருப்பிக் கொடுங்கள்.